கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றக் கேட்டு மேலாளருக்கு எழுதுவது எப்படி: வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

விடுப்பு விண்ணப்பம் எழுத நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். குறித்துவிட்ட ஒரு கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதுவதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், தெரிந்த விடுப்பு விண்ணப்ப நடையிலேயே இதையும் எழுதிவிடுகிறார்கள். படிக்கிற மேலாளருக்கு அது வேறொன்றாகப் போய்ச் சேருகிறது. எங்கள் அலுவலகத்தில் அண்மையில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த மின்னஞ்சலை அவளைக் கேட்டுத்தான் இங்கே தருகிறேன். எனக்குத் தங்கை மாதிரி என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

நடந்தது என்ன

மதுரையில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குகளைச் சரிபார்த்துத் தொகுக்கும் அலுவலகம் எங்களுடையது. குழுக்களின் பதிவேடுகள் தமிழில் இருப்பதால் எங்களுக்குள் போய்வரும் மின்னஞ்சலும் தமிழில்தான். அவள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். கொட்டாம்பட்டி வட்டாரத்தில் 12 குழுக்களின் சேமிப்பையும் கடன் நிலுவையையும் தொகுத்து, ஜூன் 11, வியாழக்கிழமை காலை 11 மணிக் கூட்டத்தில் வைக்கும்படி மேலாளர் அவளிடம் சொல்லியிருந்தார். கணக்காளரும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்.

செவ்வாய்க்கிழமைக்குள் 9 குழுக்களின் கணக்கு அவள் கைக்கு வந்துவிட்டது. மீதி 3 குழுக்கள் வியாழன் சாயங்காலம்தான் கூடுகின்றன. குழு கூடி உட்கார்ந்தால்தான் சேமிப்பும் கடன் தவணையும் வசூலாகி ரொக்கப் புத்தகத்தில் ஏறும், தீர்மானப் பதிவேட்டில் உறுப்பினர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் கிடைப்பது போன கூட்டத்தின் கணக்குதான். கூட்டம் ஒரு நாள் தள்ளிப்போனால் பன்னிரண்டும் முழுசாக இருக்கும். நியாயமான காரணம். நேரில் போய்ச் சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் அவள் மேலாளரின் அறை வாசல் வரைக்கும் போய், உள்ளே யாரோ இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அன்று ராத்திரி உட்கார்ந்து, அடித்தும் திருத்தியும் இதை எழுதினாள்:

> பொருள்: கூட்டம் தொடர்பாக
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> புதிதாகச் சேர்ந்த என்னை நம்பி இந்தப் பொறுப்பைத் தாங்கள் அளித்தமைக்கு மனமார்ந்த நன்றி. எனினும், தவிர்க்க இயலாத சில காரணங்களால் வியாழக்கிழமை நடைபெறவுள்ள கூட்டத்தில் கணக்குகளை முழுமையாகச் சமர்ப்பிக்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதனால் தங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு மன்னிக்கவும். இது குறித்துத் தகுந்த மாற்று ஏற்பாடு செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அனுப்பிய கையோடு, காலண்டரில் இருந்த கூட்ட அழைப்புக்கு `No` என்றும் பதில் கொடுத்தாள். அந்த நேரத்துக்கு முடியாது என்று சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை மேலூர் போகிற பஸ்ஸில் மேலாளர் போனில் இதைப் படித்தார். அங்கிருந்தே பதிலும் போட்டார்: "சரிம்மா, பரவாயில்லை. மாற்று ஏற்பாடு செய்துவிட்டேன். கையில் இருக்கும் கணக்குகளை இன்றைக்கே அடுத்த மேஜையில் கொடுத்துவிடு." அடுத்த மேஜையில் இருப்பவர் அவளுக்கு மூத்த ஊழியர். வேலை அவருக்குப் போய்விட்டது.

ஒரு நாள் அவகாசம் கேட்டதற்காகப் பொறுப்பையே பிடுங்கிவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் எதுவும் பேசாமல் கோப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். முகத்தைப் பார்த்து நான் விசாரித்தபோதுதான் மின்னஞ்சலைக் காட்டினாள். "வேலையை வேண்டாம்னு நான் எங்கக்கா எழுதிருக்கேன்?" என்று கேட்டாள்.

எழுதவில்லைதான். ஆனால் பஸ்ஸில் படிக்கிறவர் இடத்திலிருந்து அதைப் பாருங்கள். வரிசையாக என்ன வருகிறது? பொறுப்பு கொடுத்ததற்கு நன்றி, எனினும், இயலாத நிலை, வருத்தம், மன்னிப்பு, மாற்று ஏற்பாடு. கொடுத்த வேலையைத் திருப்பிக் கொடுக்கிறவர் எழுதுகிற வரிசை இதுதான். காரணம் என்னவென்று இல்லாததால், வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது, கேட்டால் சங்கடப்படுவாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். போதாததற்கு அழைப்பிலும் வரவில்லை என்று பதில் வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், நேரத்தை மாற்றச் சொல்லும் அந்த அஞ்சலில் புது நேரமே இல்லை. வெள்ளிக்கிழமை என்று எங்காவது ஓரிடத்தில் இருந்திருந்தால், மற்ற எல்லாக் குறைகளையும் மீறி அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். அவர் கருணையோடுதான் பதில் எழுதினார். அவள் மரியாதையோடுதான் கேட்டாள். இரண்டு பேர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அஞ்சலை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

முதலில்: எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று, உங்களுக்கு உண்மையில் எப்போது தயாராகும் என்பது. இதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. அவளை அந்த 3 குழுக்களின் தலைவிகளுக்கும் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். வியாழன் 5 மணிக்குக் கூடுவார்கள், ஆறரை வாக்கில் முடியும், ராத்திரியே ரொக்கப் புத்தகப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வெள்ளி காலையில் அதைப் பதிந்து, வங்கி பாஸ்புக்கோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பார்க்க மதியம் ஆகிவிடும். அப்படியானால் வெள்ளி காலை 11 மணி என்று கேட்டால் மறுபடியும் மாட்டிக்கொள்வாள். 3 மணி என்று கேட்பதுதான் சரி. ஒரு தடவை மாற்றச் சொல்லிவிட்டு, அந்தப் புது நேரத்தையும் மாற்றச் சொல்வதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை. அதனால் கொஞ்சம் இடம் விட்டே கேளுங்கள்.

இரண்டு, அந்தக் கூட்டம் ஏன் அந்த நாளில் வைக்கப்பட்டது என்பது. இதைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் அந்தத் தொகுப்பை வங்கிக் கிளைக்கு அனுப்ப வேண்டியிருந்தால், வெள்ளி 3 மணி என்று நீங்கள் கேட்பதில் அர்த்தமே இல்லை. அப்போது வேறு மாதிரி கேட்க வேண்டும்: வியாழனன்று 9 குழுக்கள், மீதி 3 பின்னால் தனியாக. மேலாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் கணக்காளரிடமோ மூத்தவர்களிடமோ கேட்டுக்கொள்ளலாம். எங்கள் விஷயத்தில் வெளியே அனுப்பும் கெடு எதுவும் அந்த வாரத்தில் இல்லை.

மூன்று, கூட்டத்துக்கு வருகிற மற்றவர்களுக்குப் புது நேரம் ஒத்துவருமா என்பது. காலண்டரில் கணக்காளரின் வெள்ளி மதியம் காலியாக இருந்தது. மாற்றாக ஒரு நேரமும் வேண்டும். அவள் சனிக்கிழமை என்றாள். ஜூன் 13 இரண்டாம் சனி, வங்கிகளுக்கு விடுமுறை. ஏதாவது ஒரு குழுவின் இருப்பு ஒத்துப்போகாவிட்டால் கிளையில் கேட்டுச் சரிபார்க்க ஆள் இருக்காது. அதனால் 15, திங்கள் காலை 11 மணி என்று வைத்தோம்.

பொருள் வரி

போனில் மின்னஞ்சல் பட்டியலைப் பார்த்தால் அனுப்பியவர் பெயர், பொருள், உள்ளே இருப்பதன் முதல் சில சொற்கள், இவ்வளவுதான் தெரியும். "கூட்டம் தொடர்பாக" என்று போட்டால் படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. எந்தக் கூட்டம், எந்த நாளிலிருந்து எந்த நாளுக்கு என்பது பொருள் வரியிலேயே வந்துவிட வேண்டும்: "கொட்டாம்பட்டி கணக்குக் கூட்டம்: ஜூன் 11 வியாழனிலிருந்து ஜூன் 12 வெள்ளிக்கு மாற்ற இயலுமா?" நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அவர் அஞ்சலைத் திறக்காமலே இருந்துவிட்டாலும் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்.

தேதியும் கிழமையும் இரண்டுமே போடுங்கள். செவ்வாய்க்கிழமை எழுதும்போது "அடுத்த வெள்ளி" என்றால் சிலர் அந்த வாரத்து வெள்ளி என்பார்கள், சிலர் அதற்கு அடுத்த வாரம் என்பார்கள். தேதி இருந்தால் அந்தக் குழப்பமே வராது. தேதியைத் தப்பாக அடித்துவிட்டாலும் கிழமை காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்

வணக்கம் சொன்ன கையோடு, மாறாதது எது, மாற வேண்டியது எது என்று சொல்லிவிடுங்கள். வேலை என்னிடம்தான் இருக்கிறது, நேரம் மட்டும் மாற வேண்டும். அவளுடைய அஞ்சலில் இல்லாமல் போன முதல் விஷயம் இதுதான். அவளுக்கு அது சொல்லவே தேவையில்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. வேலையை விடுவதை அவள் கனவிலும் நினைக்கவில்லையே! ஆனால் அது அவளுடைய மனசுக்குள் இருந்ததே தவிர எழுத்தில் இல்லை.

நன்றி சொல்வதென்றால் கடைசியில் சொல்லுங்கள். பொறுப்பு கொடுத்ததற்கு நன்றி சொல்லி ஆரம்பித்து, அடுத்த வாக்கியத்திலேயே "எனினும்" என்று போட்டால், அதற்கப்புறம் நீங்கள் எதை எழுதினாலும் மறுப்பாகத்தான் தெரியும்.

காரணம்

"தவிர்க்க இயலாத காரணங்கள்" என்பது விடுப்பு விண்ணப்பத்தில் ஒருவேளை செல்லும். அங்கே காரணம் உங்கள் சொந்த விஷயம். இங்கே காரணம் வேலையிலேயே இருக்கிறது, அதை மறைத்தால் சொந்தப் பிரச்சினை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இருப்பது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, அது எப்போது வரும் என்று ஒன்றிரண்டு வாக்கியத்தில் எண்ணோடு சொன்னால் போதும். 3 குழுக்களும் ஏன் வியாழன் சாயங்காலம் கூடுகின்றன, தலைவிகளிடம் என்ன பேசினீர்கள் என்ற கதையெல்லாம் வேண்டாம். கேட்டால் நேரில் சொல்லலாம்.

மன்னிப்பு கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாமதப்படுத்தியதால் நேரம் மாற்றக் கேட்கிறீர்கள் என்றால் ஒருமுறை மன்னிப்பு கேளுங்கள், அது முறை. குழு கூடுகிற நாளுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு? தவறே செய்யாத இடத்தில் மன்னிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தால், ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று படிக்கிறவர் தேட ஆரம்பித்துவிடுவார்.

நேரமும், ஒருவேளை முடியாவிட்டால் என்ன என்பதும்

இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று என்றால் கட்டளை போலத் தோன்றுமோ என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. நாலைந்து கொடுத்தால் தேர்ந்தெடுப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிடும். "தங்களுக்கு வசதியான ஏதாவது ஒரு நேரம்" என்று விட்டுவிடுவது மரியாதை மாதிரித் தெரியும், ஆனால் காலண்டரைப் புரட்டுகிற வேலையை மேலாளர் தலையில் கட்டுவதுதான் அது.

அடுத்து வருவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப்படுகிறது. மாற்ற முடியாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். "மாற்ற இயலாவிட்டால் வியாழன் 11 மணிக்கே 9 குழுக்களின் கணக்கோடு வருகிறேன்." இந்த ஒரு வாக்கியம் இருந்தால் யாரும் உங்கள் வேலையை வேறொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். பதில் வராமல் போனாலும் என்ன செய்வது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மேலாளர் முகத்துக்கு நேரே பேசத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய தைரியமும்கூட. "முடியாது" என்று அவர் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தான் அஞ்சலைச் சுற்றி வளைக்க வைக்கிறது. அதற்கான பதிலை நீங்களே எழுதிவிட்டால் பயப்பட என்ன இருக்கிறது?

எல்லாம் சேர்த்து அவள் திரும்ப எழுதிப் பார்த்தது இது:

> பொருள்: கொட்டாம்பட்டி கணக்குக் கூட்டம்: ஜூன் 11 வியாழனிலிருந்து ஜூன் 12 வெள்ளிக்கு மாற்ற இயலுமா?
>
> ஐயா, வணக்கம்.
>
> கொட்டாம்பட்டி கணக்கை நானே தொகுத்து வருகிறேன். கூட்ட நேரத்தை மட்டும் மாற்ற இயலுமா என்று கேட்கவே எழுதுகிறேன்.
>
> 12 குழுக்களில் 9 குழுக்களின் கணக்கு முடிந்துவிட்டது. மீதி 3 குழுக்கள் வியாழன் மாலைதான் கூடுகின்றன. அவற்றின் கணக்கு வெள்ளி மதியத்துக்குள் தயாராகிவிடும்.
>
> ஜூன் 12, வெள்ளி மாலை 3 மணி அல்லது ஜூன் 15, திங்கள் காலை 11 மணி தங்களுக்கு ஒத்துவருமா? இரண்டு நேரமும் கணக்காளருக்கும் காலியாக உள்ளன.
>
> மாற்ற இயலாவிட்டால் வியாழன் 11 மணிக்கே 9 குழுக்களின் கணக்கோடு வருகிறேன். புதன் மாலைக்குள் தெரிவித்தால் குழுக்களிடம் சொல்ல வசதியாக இருக்கும். நன்றி.

மரியாதை எங்காவது குறைந்திருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். ஐயா இருக்கிறது, தங்களுக்கு இருக்கிறது, இயலுமா என்ற கேள்வி இருக்கிறது. சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

காலண்டர் அழைப்பில் எதை அழுத்துவது

அழைப்பும் அஞ்சலும் ஒன்றையே சொல்ல வேண்டும். கூகுள் காலண்டரில் `No` என்று கொடுத்தால், கூட்டம் வைத்தவருக்கு நீங்கள் வரவில்லை என்றுதான் தெரியும், ஏன் என்று தெரியாது. அதற்குப் பதிலாக `Propose a new time` என்று ஒன்று இருக்கிறது. அதில் புது நேரத்தைக் குறித்து அனுப்பலாம். அவுட்லுக் பயன்படுத்துகிறவர்களுக்கு `Propose New Time` கீழே `Tentative and Propose New Time`, `Decline and Propose New Time` என்று இரண்டு இருக்கும். நேரம் மட்டும் மாற வேண்டும் என்றால் முதலாவதை எடுங்கள். அழைப்பை அனுப்பியவர் அந்த வசதியை மூடி வைத்திருந்தால் அது தெரியாது. அப்போது அழைப்பைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு அஞ்சல் மட்டும் எழுதுங்கள்.

எதை அழுத்தினாலும் கூட்டம் தானாக நகராது. அழைப்பை வைத்தவர் ஏற்றுக்கொண்டு மாற்றும் வரைக்கும் பழைய நேரம்தான் நிற்கும். அதுவரை அந்த நேரத்தைக் காலியாகவே வைத்திருங்கள்.

எப்போது அஞ்சல் போதாது

கூட்டத்துக்கு ஒரு முழு வேலை நாளாவது இருக்கும்போது அஞ்சல் போதும். இன்றைக்கே கூட்டம் என்றால் போன்தான். அப்புறம் பதிவுக்காக இரண்டு வரி அஞ்சல் போடலாம். வெளியிலிருந்து வங்கி அதிகாரி போன்ற ஒருவர் வருகிற கூட்டம் என்றால் நேரத்தை மாற்றக் கேட்க வேண்டியவர் மேலாளர். நீங்கள் அவருக்குச் சொல்லலாம், அவரைத் தாண்டி எழுதக் கூடாது.

தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று தெரிந்தால்

பதிலைக் கவனமாகப் பாருங்கள். நீங்கள் கேட்டது நேரம். பதிலில் நாளோ மணியோ இருக்கிறதா? ஆள், பொறுப்பு, ஒப்படைப்பு என்று பேச்சு போனால், விஷயம் தப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். "பரவாயில்லை" என்று வந்தாலும் யோசியுங்கள். எதற்காக உங்களைச் சமாதானப்படுத்துகிறார்? நீங்கள் எதையோ இழந்ததாக அவர் நினைக்கிறார்.

இந்த இடத்தில் கூச்சப்படுகிறவர்கள் செய்வது, சொன்னபடி கோப்புகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது. அதனால் மேலாளர் நினைத்தது இன்னும் உறுதியாகிவிடும். சீக்கிரம் பேசிவிடுவதே நல்லது, அதையும் எழுத்தில் வேண்டாம். ஒரு முறை எழுத்தில் தவறிய விஷயத்தை மறுபடி எழுத்தில் விளக்கினால் அது தன்னைக் காத்துக்கொள்வது போல நீண்டுகொண்டே போகும். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, பேச வேண்டியதை ஒரு தாளில் இரண்டு வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதைப் பார்த்தே மேலாளரிடம் போனில் பேசினாள்: "சார், நான் கேட்டது நேரம் மாத்தத்தான் சார். கணக்க நானே முடிச்சிருவேன், வெள்ளிக்கிழம மூணு மணிக்கு வச்சுக்கலாமா சார்?"

"நேரம் மட்டும்தானாம்மா? அத முதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார் அவர். வெள்ளி 3 மணி என்று அங்கேயே முடிவானது.

அதோடு விடக் கூடாது. பழைய அஞ்சலுக்குப் பதிலாகவே, "தொலைபேசியில் பேசியபடி கூட்டம் ஜூன் 12, வெள்ளி மாலை 3 மணி. கணக்கு என்னிடமே இருக்கும்" என்று ஒரு வரி போட்டு, கணக்காளரையும் சேர்த்து அனுப்பினாள். மேலாளர் அழைப்பை மாற்றியதும் புது அழைப்புக்கு வருகிறேன் என்று பதில் கொடுத்தாள். அடுத்த மேஜை அண்ணனைத்தான் அவள் மறந்துவிட்டாள். பாதிக் கோப்புகள் ஏற்கெனவே அவரிடம் போயிருந்தன, வியாழனுக்குள் முடிக்க வேண்டும் என்று அவர் தன் வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். உங்களுக்குப் பதிலாக யாரிடமாவது வேலை போயிருந்தால், மேலாளரிடம் பேசி முடித்த அடுத்த நிமிஷம் அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்குள் அவர் பார்த்து வைத்திருப்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அண்ணன் அதற்குள் ஒரு குழுவின் கடன் தவணை இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து, பென்சிலில் சுழித்து வைத்திருந்தார்.